கொழுப்பு கரைய எந்த வேகத்தில் நடக்க வேண்டும்? இதயத்துடிப்பு மண்டலங்களைக் கணக்கிட்டு நடக்கும் முறை

கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ஒரு சுற்று ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் என் அக்கா அங்கே நடக்கத் தொடங்கினார். வயது 46, எடை 72 கிலோ. இரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, தினமும் நடங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். முதல் நாளே, பல ஆண்டுகளாக நடந்து பழகியவர்களின் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். பதினைந்து நிமிடத்தில் மூச்சு வாங்கி, நடைபாதை ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மகன் வாங்கித் தந்த ஸ்மார்ட் வாட்ச் 151 என்று காட்டியது. நான்காம் நாள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. "கண்ணு, எனக்கு நடை ஒத்துவராது" என்றார்.

நான் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். இதே வாக்கியத்தை அடிக்கடி கேட்கிறேன். சொல்பவர்களில் பெரும்பாலானோருக்கு நடை நன்றாகவே ஒத்துவரும். அவர்கள் நடந்த வேகம்தான் அவர்களுடைய இதயத்துக்கு ஒத்துவரவில்லை. அக்காவுக்கு ஏற்ற வேகத்தை நாங்கள் கண்டுபிடித்த வழியை, எண்களோடு இங்கே எழுதுகிறேன். உங்கள் வயதையும் துடிப்பையும் போட்டு நீங்களும் கணக்கிடலாம்.

ஐந்து மண்டலங்கள் எதைக் குறிக்கின்றன

ஒருவருடைய இதயம் ஒரு நிமிடத்துக்கு அதிகபட்சம் எத்தனை முறை துடிக்குமோ, அது அவருடைய உச்சத் துடிப்பு. அதில் எத்தனை சதவீதத்தில் இப்போது துடிக்கிறது என்பதை வைத்து ஐந்து மண்டலங்களாகப் பிரிக்கிறார்கள். 50 முதல் 60 சதவீதம் வரை முதல் மண்டலம். கடைத்தெருவில் பராக்குப் பார்த்தபடி நடப்பது இதில் அடங்கும். 60 முதல் 70 வரை இரண்டாம் மண்டலம்: உடல் சூடாகும், மூச்சு சற்று ஆழமாகும், பேச்சு தடைப்படாது. 70 முதல் 80 வரை மூன்றாவது. அங்கே பேச்சு துண்டு துண்டாகிவிடும். நான்காவதும் ஐந்தாவதும் ஓட்டக்காரர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் உரியவை. புதிதாக நடக்கத் தொடங்குபவர் அவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இந்த எல்லைகளை உடல் கோடு கிழித்து வைத்திருக்கவில்லை. 69 சதவீதத்தில் நடப்பதும் 71 சதவீதத்தில் நடப்பதும் உடலுக்கு ஏறத்தாழ ஒன்றுதான். ஒரு துடிப்பு கூடிவிட்டது என்று பதறி நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தேவையில்லை.

மெதுவான நடையில் கொழுப்பு ஏன் எரிகிறது

தசைகளுக்கு இரண்டு முக்கிய எரிபொருள்கள் உண்டு. ஒன்று கொழுப்பு, மற்றொன்று தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து. கொழுப்பு ஏராளமாக இருக்கிறது. ஆனால் அதை எரிக்க ஆக்சிஜன் கட்டாயம் வேண்டும். கிடங்கிலிருந்து இரத்தம் வழியாகத் தசைக்கு வந்து, செல்லுக்குள் எரியும் இடத்தைச் சேர நேரமும் ஆகும். மாவுச்சத்து தசைக்குள்ளேயே தயாராக இருக்கிறது, விரைவாக எரியும். நிதானமாக நடக்கும்போது தேவை குறைவு என்பதால் கொழுப்பு ஈடுகொடுக்கிறது. வேகம் கூடக்கூட உடல் மாவுச்சத்தின் பக்கம் சாய்கிறது. உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாதவருக்கு இந்தச் சாய்வு சீக்கிரமே, குறைந்த வேகத்திலேயே தொடங்கிவிடும். அதனால்தான் புதியவருக்கு மெதுவான நடை பொருத்தம் என்கிறோம்.

இங்கே ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. இரண்டாம் மண்டலத்தில் நடந்தால் மட்டுமே கொழுப்பு கரையும், வேகமாக நடந்தால் கரையாது என்று பலர் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 72 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு நாலரை கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் நிமிடத்துக்கு நான்கு கலோரிக்குச் சற்று மேல் செலவாகும். அதில் பாதி கொழுப்பிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு இரண்டு கலோரி. அக்கா 151 துடிப்பில் விரைந்து நடந்தபோது நிமிடத்துக்கு ஆறு கலோரிக்கு மேல் செலவாகியிருக்கலாம். அதில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு என்றாலும் அதே இரண்டு கலோரிதான். ஆக, ஒரு நிமிடத்தில் கரையும் கொழுப்பில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு நிமிடங்களின் எண்ணிக்கையில்தான் இருக்கிறது. வேகமாக நடந்தபோது பதினைந்து நிமிடத்தில் உட்கார்ந்துவிட்டார். நிதானமாக நடந்தால் நாற்பத்தைந்து நிமிடம் போகலாம், மறுநாளும் வரலாம்.

அந்த நாற்பத்தைந்து நிமிடத்தில் மொத்தம் ஏறத்தாழ 190 கலோரி செலவாகிறது. பாதி கொழுப்பு என்றால், ஒரு கிராம் கொழுப்புக்கு ஒன்பது கலோரி வீதம், பத்து கிராமுக்குச் சற்று மேல். திரும்பும் வழியில் இரண்டு மெதுவடை சாப்பிட்டால் ஏறத்தாழ அவ்வளவு கலோரியும் திரும்ப வந்துவிடும். உடம்பில் உள்ள கொழுப்பு குறைவதும் குறையாததும் நாள் முழுவதும் வரும் கலோரிக்கும் போகும் கலோரிக்கும் உள்ள கணக்கைப் பொறுத்தது. நடக்கும்போது எந்த எரிபொருள் எரிந்தது என்பது அதில் சிறு பங்குதான். இரண்டாம் மண்டலத்தை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம், அந்த வேகத்தில்தான் ஒரு புதியவரால் நீண்ட நேரம், வாரத்தில் பல நாள்கள், மூட்டைக் கெடுத்துக்கொள்ளாமல் நடக்க முடிகிறது.

முதல் படி: ஓய்வுத் துடிப்பை எண்ணுங்கள்

காலையில் கண் விழித்ததும், எழுந்திருப்பதற்கு முன், காப்பிக்கு முன் எண்ண வேண்டும். உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, கட்டைவிரலின் அடிப்பக்கமாக மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்ல வையுங்கள். கட்டைவிரலால் தொட்டு எண்ணாதீர்கள். அதற்கே ஒரு துடிப்பு இருப்பதால் எண்ணிக்கை குழம்பும். முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். மூன்று நாள் காலை எண்ணிச் சராசரி எடுங்கள்.

அக்காவுக்கு 79, 77, 78 வந்தன. சராசரி 78. பெரியவர்களுக்கு ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்பு என்று கொள்கிறார்கள். உங்களுக்குத் தொடர்ந்து 100க்கு மேல் வந்தால் நடையைத் தொடங்குவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். இரத்தசோகையும் தைராய்டு மிகையாகச் சுரப்பதும் துடிப்பைக் கூட்டும். இரண்டும் நம் பெண்களிடம் கவனிக்கப்படாமல் போய்விடுவதைப் பார்க்கிறேன்.

இரண்டாம் படி: உச்சத் துடிப்பை மதிப்பிடுங்கள்

220லிருந்து வயதைக் கழிப்பது எல்லோருக்கும் தெரிந்த சூத்திரம். 2001இல் டனாகாவும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட மற்றொரு சூத்திரம் நடுவயதைக் கடந்தவர்களுக்கு இன்னும் பொருத்தமாக இருக்கிறது. நான் அதையே பயன்படுத்துகிறேன்:

```
208 − (0.7 × வயது)
```

46 வயதுக்கு 0.7 × 46 = 32.2. அதை 208இல் கழித்தால் 176. பழைய சூத்திரம் 174 தருகிறது. இந்த வயதில் இரண்டும் ஒட்டியே வருகின்றன. எந்தச் சூத்திரமானாலும் அது பலருடைய சராசரிதான். தனி ஒருவருக்குப் பத்துத் துடிப்பு கூடவோ குறையவோ இருப்பது மிகச் சாதாரணம். உண்மையான உச்சத்தைக் கண்டுபிடிக்கிறேன் என்று மூச்சு முட்ட ஓடிப் பார்க்காதீர்கள். அந்தச் சோதனையை மருத்துவமனையில், இ.சி.ஜி. கருவியின் கண்காணிப்பில் செய்வதுதான் முறை.

மூன்றாம் படி: உங்கள் எல்லையைக் கணக்கிடுங்கள்

பெரும்பாலானோர் தடுமாறும் இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

உச்சத் துடிப்பை மட்டும் வைத்து 60 முதல் 70 சதவீதம் கணக்கிட்டால் அக்காவுக்கு 106 முதல் 123 வரை வரும். இதில் ஒரு குறை உண்டு. படுத்திருக்கும்போதே 78 துடிக்கும் இதயம், எழுந்து வீட்டுக்குள் நடமாடினாலே 100ஐ நெருங்கிவிடும். 106 என்பது அவருக்கு நடையே ஆகாது. ஓய்வில் 58 துடிக்கும் ஒருவருக்கு அதே 106 ஓரளவு உழைப்பு. ஓய்வுத் துடிப்பைக் கணக்கில் சேர்க்காத எந்த முறையும் இந்த இருவரையும் ஒன்றாகவே நடத்தும்.

இதைச் சரிசெய்யும் வழியை 1957இல் பின்லாந்தின் உடலியல் அறிஞர் மார்ட்டி கார்வோனனும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு காட்டியது. உச்சத் துடிப்பிலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்தால் மிஞ்சுவது இதயத்தின் கையிருப்பு. அக்காவுக்கு 176 − 78 = 98. இந்தக் கையிருப்பில் ஒரு பங்கை எடுத்து ஓய்வுத் துடிப்போடு கூட்டினால் நடக்க வேண்டிய துடிப்பு கிடைக்கும்.

எவ்வளவு பங்கு? இங்கேதான் பிழை நேர்கிறது. இரண்டாம் மண்டலம் 60 முதல் 70 என்று எங்கோ படித்துவிட்டு, அதே சதவீதத்தைக் கையிருப்பில் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் அக்காவுக்கு 137 முதல் 147 வரை வருகிறது. முன்பு கணக்கிட்ட 106–123 எங்கே, இது எங்கே! ஒன்றின் கீழ் எல்லை மற்றொன்றின் மேல் எல்லையைவிடவும் 14 துடிப்பு உயரத்தில் இருக்கிறது. உச்சத்தின் சதவீதமும் கையிருப்பின் சதவீதமும் வெவ்வேறு அளவுகோல்கள். ஒன்றின் எண்ணை மற்றொன்றில் வைக்கக் கூடாது.

புதியவருக்குக் கையிருப்பில் 40 முதல் 50 சதவீதம் போதும். கணக்கு இப்படி:

```
78 + (0.40 × 98) = 117
78 + (0.50 × 98) = 127
```

ஆக 117 முதல் 127 வரை. அக்காவின் நடைக்கு நாங்கள் குறித்துக்கொண்ட எல்லை இதுதான்.

உங்கள் வாட்ச் எந்த முறையில் கணக்கிடுகிறது என்று அதன் அமைப்பில் பாருங்கள். சிலவற்றில் `%HRR` என்ற தேர்வு இருக்கும். அது கையிருப்பு முறை. `Max HR` எண்ணைக் கணக்கிட உங்கள் வயது சரியாகப் போடப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அக்காவின் வாட்சில் மகனுடைய வயது இருந்தது. கல்லூரி மாணவனுக்கு உரிய எல்லையைக் காட்டி, இன்னும் வேகம், இன்னும் வேகம் என்று அது அவரைத் துரத்திக்கொண்டிருந்தது.

நான்காம் படி: மூச்சோடு ஒப்பிட்டுப் பாருங்கள்

எண் கிடைத்ததும் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. உச்சத் துடிப்பே மதிப்பீடு என்பதால், அதிலிருந்து வந்த எல்லையும் மதிப்பீடுதான். அதைச் சரிபார்க்கப் பேச்சைவிட நல்ல கருவி இல்லை.

வாட்ச் 120 காட்டியபோது அக்காவிடம் வத்தக்குழம்பு வைக்கும் பக்குவத்தைச் சொல்லச் சொன்னேன். "புளியை ஊறவைத்துக் கரைத்து வடிகட்டி, நல்லெண்ணெயில் கடுகும் வெந்தயமும் தாளித்து, சுண்டைக்காய் வற்றலைப் பொரித்து" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்து, பிறகு மூச்சிழுத்தார். அதுதான் சரியான இடம். சற்று வேகம் கூட்டி 135க்குப் போனதும், "புளியை ஊறவைத்து" என்பதோடு ஒரு மூச்சு, "கரைத்து வடிகட்டி" என்பதோடு இன்னொரு மூச்சு என்று பேச்சு அறுந்தது. அது மூன்றாம் மண்டலம். ஒரு பாட்டையே முழுதாக இழுத்துப் பாட முடிகிறது என்றால், வேகம் குறைவு.

எண் ஒன்று சொல்லி மூச்சு வேறொன்று சொன்னால் எதை எடுத்துக்கொள்வது என்று அக்கா கேட்டார். தயங்காமல் மூச்சை எடுத்துக்கொள்ளுங்கள். 117–127 எல்லைக்குள் நடந்தும் வாக்கியத்தை முடிக்க முடியவில்லை என்றால், உங்கள் உண்மையான உச்சம் சூத்திரம் சொன்னதைவிடக் குறைவாக இருக்கலாம், அல்லது நேற்றிரவு தூக்கம் கெட்டிருக்கலாம், காய்ச்சல் வரப்போகலாம். அன்றைக்கு வேகத்தைக் குறையுங்கள்.

ஐந்தாம் படி: நடை

முதல் பத்து நிமிடம் எந்த எண்ணையும் பார்க்காமல் மெதுவாக நடங்கள். தசைக்கு இரத்தம் போய்ச் சேர அந்த நேரம் வேண்டும். பிறகு வேகத்தைக் கூட்டி எல்லைக்குள் வாருங்கள். வேகத்தை மாற்றிய உடனே துடிப்பு மாறாது, நிலைகொள்ள இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் எண் ஏறவில்லையே என்று இன்னும் விரைந்தால், சற்று நேரத்தில் எல்லையைத் தாண்டிப் போயிருப்பீர்கள். வேகத்தைச் சிறிது மாற்றுங்கள், காத்திருங்கள், பிறகு பாருங்கள்.

அக்கா முதல் இரண்டு வாரம் எல்லைக்குள் பதினைந்து நிமிடம்தான் நடந்தார், வாரத்துக்கு நான்கு நாள். பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி, முப்பது நிமிடத்துக்கு வந்தார். முன்னால் பத்து நிமிடம், கடைசியில் ஐந்து நிமிடம் மெதுநடை. மொத்தம் நாற்பத்தைந்து நிமிடம். கெண்டைக்கால் பிறகு பிடிக்கவேயில்லை. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவை, ஐந்து நாள் நடக்கத் தொடங்கியதும் அவர் எட்டிவிட்டார்.

இருபது இருபத்தைந்து நிமிடம் கடந்ததும் ஒன்றைக் கவனிப்பீர்கள். அதே வேகத்தில்தான் நடக்கிறீர்கள், ஆனால் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். உடல் சூட்டைத் தணிக்க இரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. வியர்வையில் நீரும் போகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தம் குறைவதால், இதயம் எண்ணிக்கையைக் கூட்டி ஈடுகட்டுகிறது. ஆடிக் காற்றில் கோவையில் இது ஐந்து துடிப்போடு நின்றது. மே மாதப் புழுக்கத்தில் சென்னைக் கடற்கரையில் நடப்பவருக்கு இன்னும் அதிகமாக ஏறும். ஏறினால் வேகத்தைக் குறைத்து எல்லைக்குள் திரும்புங்கள். நேற்றைய வேகத்தைப் பிடித்தே தீருவேன் என்று வெயிலில் பிடிவாதம் வேண்டாம்.

வாட்ச் எப்போது தவறாகக் காட்டும்

மணிக்கட்டு வாட்ச் பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி, இரத்த ஓட்டத்தால் அது மாறுவதை வைத்துத் துடிப்பைக் கணிக்கிறது. கை வீசும்போது வாட்ச் ஆடினால், அது அசைவையே துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். நடப்பவர்களுக்கு இது தனித் தொல்லை. ஏனென்றால் சுறுசுறுப்பான நடையில் நிமிடத்துக்கு 110 முதல் 120 அடி வைக்கிறோம். நம் எல்லையும் அதே எண்களில்தான் இருக்கிறது. வாட்ச் அடிகளை எண்ணிக்கொண்டிருந்தாலும், 118 என்று பார்த்ததும் எல்லாம் சரி என்று தோன்றிவிடும்.

சந்தேகம் வந்தால் ஒரு நிமிடம் உங்கள் அடிகளை எண்ணுங்கள். வாட்ச் எண்ணும் அடி எண்ணும் ஒன்றாகவே இருக்கின்றன, வேகத்தை மாற்றினால் இரண்டும் சேர்ந்தே மாறுகின்றன என்றால் அதை நம்ப வேண்டாம். நின்று, உடனே மணிக்கட்டில் பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். நின்றதும் துடிப்பு இறங்கத் தொடங்கிவிடும் என்பதால் தாமதிக்கக் கூடாது. வாட்சை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அளவு மேலே தள்ளி, ஆடாமல் கட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மார்பில் கட்டும் பட்டை இதயத்தின் மின்துடிப்பையே அளப்பதால் இன்னும் துல்லியமானது. ஆனால் நடைக்கு அந்தச் செலவு அவசியம் என்று நான் நினைக்கவில்லை.

இந்த எண்கள் பொருந்தாதவர்கள்

இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களின் துடிப்பை மருந்தே கட்டுப்படுத்தி வைத்திருக்கும். எவ்வளவு உழைத்தாலும் அவர்களின் துடிப்பு சூத்திரத்தின் அளவுக்கு ஏறாது. 117ஐத் தொடவேண்டும் என்று அவர்கள் முயன்றால் ஆபத்து. பேச்சுச் சோதனையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். துடிப்பு ஒழுங்கற்று இருப்பவர்களுக்கும் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் இதே அறிவுரைதான். இன்சுலினோ கிளிமெபிரைடு மாத்திரையோ எடுக்கும் சர்க்கரை நோயாளிகள், வெறும் வயிற்றில் நடந்தால் கொழுப்பு கூடுதலாகக் கரையும் என்று கேள்விப்பட்டு அப்படிச் செய்யக் கூடாது. சர்க்கரை அளவு இறங்கி மயக்கம் வரலாம். சட்டைப்பையில் குளுக்கோஸ் வைத்திருங்கள்.

நடக்கும்போது மார்பில் அழுத்தமோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலியோ, தலைச்சுற்றலோ, குளிர்ந்த வியர்வையோ வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். அது அடங்கட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.

எட்டு வாரம் கழித்து

எடைத் தராசு மெதுவாகத்தான் அசையும். அதைவிட முன்னதாகவே மாற்றத்தைக் காட்டும் அளவை ஒன்று உண்டு: ஒரே பாதை, ஒரே துடிப்பு, எடுத்துக்கொண்ட நேரம். நாளின் ஒரே பொழுதில், 120 துடிப்பை ஒட்டி அக்கா ஒரு முழுச் சுற்று நடந்தார். மூன்றாம் வாரத்தில் 34 நிமிடம் ஆயிற்று. புரட்டாசியில், அதே 120 துடிப்பில், 31 நிமிடம். இதயம் கூடுதலாக உழைக்காமலே கால்கள் விரைவாகப் போயிருக்கின்றன. தராசில் அப்போது ஒன்றரைக் கிலோதான் குறைந்திருந்தது.

ஓய்வுத் துடிப்பை மறுபடி மூன்று நாள் எண்ணினோம். 78 இருந்தது 72 ஆகியிருந்தது. அதனால் கையிருப்பு 104. எல்லையைத் திரும்பக் கணக்கிட்டால் 114 முதல் 124 வரை. வாட்சில் புதிய எண்ணைப் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக் கட்டிக்கொண்டு, மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே தள்ளி இறுக்கினார்.